மாந்தோப்பைப் பருவக் குத்தகைக்கு விடுதல்: தொகையை முடிவு செய்வதும் விளைச்சல் பொய்த்தால் நட்டம் யாருக்கு என்பதும்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களில் பலர் காயைத் தாமே பறித்து விற்பதில்லை. மருந்தடிப்பது, காவல் போடுவது, பறிப்பது, மண்டிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ ஏற்றுவது ஆகிய அனைத்தையும் ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல விளைச்சல் ஆண்டில் இந்த ஏற்பாட்டில் சண்டை வருவதில்லை. மே மாதச் சூறைக்காற்று ஒரே இரவில் பாதிக் காயை உதிர்த்துவிட்டாலோ, ஜூன் மாதத்தில் விலை விழுந்துவிட்டாலோதான், வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதியதன் விளைவு தெரிய வருகிறது. அந்த நேரத்தில் நட்டம் யார் தலையில் விழும் என்பதை உண்மையில் தீர்மானிப்பவை, தொகையை எந்தப் பருவத்தில் பேசினார்கள் என்பதும், அதற்குள் எத்தனை தவணை கைமாறியிருந்தது என்பதுமே. ஆகவே தொகை, தவணை, இழப்பு விதி ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: எதைக் குத்தகைக்கு விடுகிறீர்கள் என்று தெளிவாக்குதல்

நிலத்தைக் குத்தகைக்கு விடுவது வேறு, மரத்திலுள்ள காயை மட்டும் ஒரு பருவத்துக்கு விடுவது வேறு. பேச்சில் இரண்டையும் குத்தகை என்றே சொல்கிறோம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. பதிவுச் சட்டம், 1908 மரத்திலுள்ள கனியை அசையும் பொருள் என்றே வரையறுக்கிறது. எனவே ஒரு பருவத்துக் காயை மட்டும் பறித்துக்கொள்ள விடுவது பெரும்பாலும் விற்பனை ஒப்பந்தமாகவே பார்க்கப்படும். அதே தோப்பின் நிலத்தையும் கிணற்றையும் ஒருவர் அனுபவத்தில் ஓராண்டுக்கு மேல் விட்டால் அது நிலக் குத்தகை. அதை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும்.

தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955 இருப்பதால், தோப்பை விட்டால் திரும்பக் கிடைக்காதோ என்று தோட்டக்காரர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, நிலத்தில் தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ இட்டுச் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கானது. காயை மட்டும் வாங்கும் வியாபாரியின் நிலை வேறு. இருந்தாலும் ஊடுபயிர் செய்யவும் தோப்பிலேயே ஆண்டு முழுவதும் தங்கவும் அவரை அனுமதித்துவிட்டால், பிறகு எழும் வாதத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம். ஆகவே ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை, ரகம், "இந்தப் பருவத்து மகசூல் மட்டும்" என்ற சொற்கள், தோப்பைத் திருப்பி ஒப்படைக்கும் தேதி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். நீலம் ரகம் கடைசியில் வருவதால், அது கலந்த தோப்பில் ஒப்படைப்புத் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்க நேரும்.

இரண்டாம் படி: எந்தப் பருவத்தில் பேசுவது

மாவில் பேச்சுக்கு மூன்று காலங்கள் உண்டு. பூப்பதற்கு முன்பே, சில சமயம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து, பேசுவது ஒன்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூ தெரிந்த பிறகு பேசுவது இரண்டாவது. பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்து நின்ற பிறகு பேசுவது மூன்றாவது. காலம் தள்ளத் தள்ள வியாபாரியின் அபாயம் குறைகிறது, அதற்கேற்பத் தொகையும் ஏறுகிறது. பூப்பதற்கு முன் விற்பவர், பூக்காத ஆண்டின் அபாயத்தை வியாபாரியின் தலையில் ஏற்றிவிட்டுக் குறைந்த விலையை ஏற்றுக்கொள்கிறார். மாமரம் ஓராண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையது என்பதால் இந்த அபாயம் சிறியதன்று.

பூவைப் பார்த்து மயங்கக் கூடாது. மாம்பூக்களில் நூற்றில் ஒன்றுகூடக் காயாகி முற்றுவதில்லை. மிளகு அளவுப் பிஞ்சுகளிலும் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்துவிடும். ஆகவே பூவில் பேசும் தொகை ஊகத்தில் பேசும் தொகையே ஆகும். அவசரப் பணத் தேவை இல்லாத தோட்டக்காரர் கோலிக்குண்டுப் பருவம் வரை காத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை இரண்டு முறை மருந்தடிக்கும் செலவு அவருக்கு வரும் என்றாலும், அந்தச் செலவைவிடத் தொகை ஏற்றம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

பல ஆண்டுக் குத்தகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண்டுதோறும் பூக்க வைப்பதற்காகச் சில வியாபாரிகள் மரத்தடி மண்ணில் பேக்லோபியூட்ரசோல் ஊற்றுவார்கள். அளவோடும், நல்ல உரத்தோடும், வலுவுள்ள மரத்துக்கும் கொடுத்தால் அது பயன்படும். கணக்கில்லாமல் ஆண்டுக்காண்டு ஊற்றினால் புதுத்தளிர் குட்டையாகிக் கொத்தாக நின்றுவிடும், மரம் நலிவடையும், மருந்தின் எச்சமும் மண்ணில் நெடுநாள் தங்கும். மூன்று ஆண்டில் போய்விடப்போகிறவருக்கு மரத்தின் முப்பதாவது ஆண்டைப் பற்றிய கவலை இராது. தோட்டக்காரரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் இதை ஊற்றக் கூடாது என்று எழுதுவதும், மீறினால் அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடியும் என்று எழுதுவதும் அவசியம்.

மூன்றாம் படி: மரத்தை எண்ணித் தொகையைக் கணக்கிடுதல்

ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுவது சோம்பேறித்தனமான வழி. அதில் ஏமாறுபவர் பெரும்பாலும் தோட்டக்காரரே. இருவரும் சேர்ந்து தோப்பைச் சுற்றி வந்து, ரகவாரியாகக் காய்ப்பு மரங்களையும் இந்த ஆண்டு ஓய்விலிருக்கும் மரங்களையும் தனித்தனியே எண்ண வேண்டும். பிறகு தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகப் பத்து மரங்களைத் தேர்ந்து அடிமரத்தில் வண்ணம் பூசி எண் இட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கால் பகுதியிலுள்ள காய்களை எண்ணி நான்கால் பெருக்கினால் ஏறத்தாழக் காய் எண்ணிக்கை கிடைக்கும். வெயில் படும் தென்பக்கமும் நிழல் விழும் வடபக்கமும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை என்பதால், மரத்துக்கு மரம் வெவ்வேறு திசையை எண்ணுவது நல்லது. இந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். பின்னால் புயல் வந்தால் இழப்பை அளக்க இதைத் தவிர வேறு அளவுகோல் இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள விலைகளும் எடைகளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தோப்புக்கு உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம் வீதம் ஐந்து ஏக்கரில் 200 மரங்கள். 140 மரம் பெங்களூரா, 60 மரம் செந்தூரா. பெங்களூரா மரத்துக்கு 80 கிலோ வீதம் 11,200 கிலோ, செந்தூரா மரத்துக்கு 60 கிலோ வீதம் 3,600 கிலோ. கமிஷன் கழித்து பெங்களூராவுக்கு கிலோ 12 ரூபாயும் செந்தூராவுக்கு 25 ரூபாயும் எதிர்பார்த்தால், வரவு முறையே 1,34,400 ரூபாயும் 90,000 ரூபாயும், மொத்தம் 2,24,400 ரூபாய். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் 44,400 ரூபாய். மருந்துக்கு 30,000, காவலுக்கு 30,000. செலவு மொத்தம் 1,04,400 ரூபாய். மீதி 1,20,000 ரூபாய்.

இந்த மீதியைத்தான் தோட்டக்காரரும் வியாபாரியும் பங்கிட வேண்டும். வியாபாரி தம் முதலுக்கும் அபாயத்துக்குமாக 35,000 ரூபாயை ஒதுக்கினால் குத்தகைத் தொகை 85,000 ரூபாய். இதே தோப்பை பூவில் பேசினால் வியாபாரி ஒதுக்கும் தொகை கூடும், குத்தகைத் தொகை அந்த அளவுக்கு இறங்கும். இப்படிக் கணக்கைத் திறந்து வைத்துப் பேசினால் ஒரு நன்மை உண்டு: எந்த அபாயத்துக்காகத் தொகை குறைக்கப்பட்டது என்பது இருவருக்கும் தெரியும். காற்றுக்கென்று ஏற்கெனவே தள்ளுபடி வாங்கியவர், காற்றடித்த பிறகு முழுத் தள்ளுபடி கேட்க முடியாது.

இந்தச் சிக்கல் எல்லாத் தோப்புக்கும் ஒரே அளவில் வருவதில்லை. தென்னையில் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பதால், வெட்டுக்கு வெட்டு எண்ணிப் பணம் கொடுக்கும்படி பேசிவிட்டால் குறைந்த காய்ப்பின் நட்டம் தானாகவே பங்கிடப்பட்டுவிடும். மீன் குளத்தில் நிலைமை வேறு. ஒரிசாவின் சிலிகா ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை பற்றிய ஆனந்த பெஹரா வழக்கில், அந்த உரிமை அசையாச் சொத்தில் அடங்கும் நலன் என்று உச்ச நீதிமன்றம் 1955இல் தீர்ப்பளித்தது. எனவே குளத்துக்கு வாய்ப்பேச்சு போதாது. எழுதிப் பதிவு செய்ய வேண்டும், தண்ணீர் எந்த மட்டத்துக்குக் கீழ் போனால் தொகை குறையும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

நான்காம் படி: ஒப்பந்தம் வாய் திறக்காவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது

காய் விற்பனை என்று எடுத்துக்கொண்டால் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 பொருந்தும். அதன் 26ஆவது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரையே இழப்பும் சேரும். உரிமை எப்போது கைமாறியது என்பதில்தான் வழக்கு முழுவதும் நிற்கும். பறித்த பிறகே காய் எனக்குச் சொந்தம் என்பார் வியாபாரி. தோப்பை ஒப்படைத்த அன்றே சொந்தமாகிவிட்டது என்பார் தோட்டக்காரர்.

நிலக் குத்தகை என்று எடுத்துக்கொண்டால் நிலைமை குத்தகைதாரருக்கு இன்னும் கடுமை. துருவ் தேவ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்ன தீர்ப்பைக் குத்தகை எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குள் போய்விட்ட மாண்ட்கோமெரி மாவட்ட விவசாய நிலத்தை 1947இல் குத்தகைக்கு எடுத்து முன்பணம் கட்டியவர், கலவரத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்ததால் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, நிலத்தை ஒப்படைத்து முடிந்துவிட்ட குத்தகைக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நாடே பிரிந்தபோது திரும்பாத பணம் காற்றடித்ததற்காகத் திரும்பும் என்று நம்பி இருக்கக் கூடாது. இழப்பு விதியை எழுதி வைப்பது மட்டுமே வழி.

ஐந்தாம் படி: இழப்பு விதியைக் காரணம் வாரியாக எழுதுதல்

"இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் இழப்புக்கு உரிமையாளர் பொறுப்பல்ல" என்ற ஒற்றை வரியைப் பல ஒப்பந்தங்களில் காணலாம். அது வியாபாரியை மூலையில் நிறுத்தும் வரி. மூலையில் நின்றவர் மீதித் தவணையைக் கட்டாமல் தோப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். பறிக்காத காயோடு தோட்டக்காரர் தனியே நிற்பார். காரணங்களைப் பிரித்து எழுதுவது இருவருக்கும் பாதுகாப்பு.

வியாபாரியின் கவனக்குறைவால் வந்த இழப்பு வியாபாரிக்கு. இதைக் கண்டறிய மரமே சாட்சி சொல்லும். தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்காமல் விட்டால் பூங்கொத்திலும் இலையிலும் தேன்போன்ற பிசுபிசுப்புப் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் கரியாகப் பிடித்திருக்கும். சாம்பல் நோய் என்றால் பூங்கொத்து வெண்மாவு தூவியது போல் இருந்து காய்ந்துவிடும். காற்றில் விழுந்த காயில் காம்பு முறிந்த இடத்தில் புதுப்பால் கசிந்திருக்கும். பழ ஈ தாக்கி விழுந்த காயை அறுத்தால் உள்ளே புழு நெளியும். மருந்தடித்த தேதியும் மருந்தின் பெயரும் குறித்த ஒரு நோட்டும், வாங்கிய ரசீதும் இருந்தால் பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தோட்டக்காரரின் குற்றத்தால் வந்த இழப்பு தோட்டக்காரருக்கு. ஒத்துக்கொண்ட தண்ணீரை விடாதது, வண்டிப் பாதையை மறித்தது, பங்காளித் தகராறால் பறிப்பு நின்றது ஆகியவை இதில் அடங்கும்.

சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் யார் குற்றமும் இல்லை. அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இப்படி எழுதலாம்: 20 விழுக்காடு வரையிலான இழப்பு வியாபாரியுடையது, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் குத்தகைத் தொகையில் ஒரு விழுக்காடு குறையும். உதிர்ந்த காய் வியாபாரியையே சேரும். காற்றடித்த 48 மணி நேரத்துக்குள் இருவரும், இருதரப்பும் ஏற்ற ஒருவரும் சேர்ந்து வண்ணமிட்ட பத்து மரங்களையும் மறுபடி எண்ண வேண்டும். தாமதித்தால் உதிர்ந்த காயை யாரோ பொறுக்கிப் போயிருப்பார்கள், எண்ணிக்கையில் நம்பிக்கையும் போய்விடும்.

நம் கணக்குத் தோப்பில் மே முதல் வாரம் காற்றடிக்கிறது. பத்து மரங்களில் முன்பு எண்ணிய 3,000 காயில் 1,650 காயே நிற்கிறது. இழப்பு 45 விழுக்காடு. இருபதைக் கழித்தால் 25 விழுக்காடு; 85,000 ரூபாயில் அது 21,250 ரூபாய். புதிய தொகை 63,750 ரூபாய். வியாபாரியின் வரவு இப்போது 1,23,420 ரூபாய். பறிப்பு, வண்டி 24,420 ரூபாயும் மருந்து, காவல் 60,000 ரூபாயும் போக மீதி 39,000 ரூபாய். புதிய குத்தகையைக் கட்டினால் 24,750 ரூபாய் நட்டம். உதிர்ந்த காயில் ஊறுகாய்க்கும் மற்றவற்றுக்குமாக மூன்று டன் 3 ரூபாய் வீதம் விற்றால் 9,000 ரூபாய் மீளும். முடிவில் தோட்டக்காரருக்கு 21,250 குறைகிறது, வியாபாரிக்குக் கையிலிருந்து 15,750 போகிறது, எதிர்பார்த்த லாபமும் இல்லை. இருவரும் வருந்துவார்கள், ஆனால் இருவரும் அடுத்த ஆண்டும் பேசிக்கொள்ளும் நிலையில் இருப்பார்கள்.

அரசு நிவாரணத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதமானால் பேரிடர் நிவாரணம் உண்டு, ஆனால் சிட்டாவும் அடங்கலும் தோட்டக்காரர் பெயரில் இருப்பதால் பணம் அவருக்கே வந்து சேரும். தொகையில் தள்ளுபடி கொடுத்த தோட்டக்காரர் அதை வைத்துக்கொள்வது நியாயம். தள்ளுபடி கொடுக்காதவர் அதைப் பகிர வேண்டும் என்று எழுதலாம்.

ஆறாம் படி: விலை வீழ்ச்சியைத் தனியாகப் பேசுதல்

விளைச்சல் இழப்பு விதி விலை வீழ்ச்சியைத் தொடாது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் பெங்களூரா காய்க்கு விலை விழுந்தது. சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஜூன் மாதத்தில் வெளி மாநிலப் பெங்களூராவின் வரவுக்குத் தடை விதித்தது. கர்நாடக விவசாயிகளுக்காக மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டு விலை அறிவிக்க நேர்ந்தது. மரத்தில் காய் நிறைந்திருந்தும் குத்தகை எடுத்தவர்கள் நொடித்த ஆண்டு அது.

நம் கணக்கில் பெங்களூரா 5 ரூபாய்க்கு இறங்கினால் வரவு 1,46,000 ரூபாய்தான். செலவு போக மீதி 41,600. 85,000 கட்ட வேண்டியவருக்கு 43,400 ரூபாய் நட்டம். காற்றடித்த ஆண்டைவிட மோசம். கிலோவுக்கு ஒரு ரூபாய் என்பது இந்தத் தோப்பில் 11,200 ரூபாய். ஆகவே இப்படி ஒரு விதி எழுதலாம்: சராசரி விலை 9 ரூபாய்க்குக் கீழே போனால் குறையும் ஒவ்வொரு ரூபாய்க்கும் குத்தகை 5,600 ரூபாய் குறையும், 15 ரூபாய்க்கு மேலே போனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் 5,600 ரூபாய் கூடும். 5 ரூபாய் விலையில் 22,400 ரூபாய் குறைந்து, வியாபாரியின் நட்டம் 21,000 ரூபாயில் நிற்கும். விலைக்கு ஆதாரம் வியாபாரியின் வாய்ச்சொல் அல்ல. ஆலையின் எடைச் சீட்டும் மண்டியின் பட்டியலும்தான். ஏற்றத்திலும் பங்கு கேட்கும் தோட்டக்காரருக்கு மட்டுமே இறக்கத்தில் பங்கு என்பதை வியாபாரியும் மறுக்க முடியாது.

ஏழாம் படி: தவணை

விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், பணம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் விதி அவர் சொல்கிறபடி நடக்கும். முழுத் தொகையையும் முன்னதாக வாங்கிய தோட்டக்காரர் தள்ளுபடி தர மறுப்பார். முழுவதையும் கடைசிக்கு வைத்த வியாபாரி காய் தீர்ந்ததும் காணாமல் போவார். 85,000 ரூபாயில் கையெழுத்தின்போது 30,000, முதல் பறிப்பன்று வண்டி தோப்பை விட்டு வெளியேறுமுன் 30,000, பாதி மரங்கள் பறிக்கப்படாமல் நிற்கும்போதே மீதி 25,000 என்று வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. விலையாலோ காற்றாலோ குறையும் தொகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளலாம். திருப்பிக் கேட்டு நடக்கத் தேவையில்லை. முதல் தவணையோடு தனியாக ஒரு சிறு பிணைத் தொகையும் வாங்கி வைக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒப்படைப்பு

கடைசிப் பறிப்பு முடிந்ததும் இருவரும் மீண்டும் தோப்பைச் சுற்ற வேண்டும். முறிந்த கிளைகள், கழையால் கிழிந்த பட்டை, காவல் குடிசைக்காக வெட்டிய மரம், வேலிச் சேதம், கிணற்று மோட்டாரின் நிலை ஆகியவற்றைக் குறித்து, ஒப்பந்தத்தில் எழுதிய விகிதத்தில் பிணைத் தொகையிலிருந்து கழிக்க வேண்டும். வீட்டுக்கென்று ஒதுக்கிய இரண்டு மரங்களின் காய் வந்து சேர்ந்ததா என்பதையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். கழித்தது போக மீதியைக் கொடுத்து, கணக்குத் தீர்ந்தது என்று இருவரும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். குடிசை பிரிக்கப்படாமல் நிற்கும் வரை பிணைத் தொகையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.